எதை மறுக்க வந்தார்?

ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1969-இல் எழுதிய கட்டுரையை மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை என்ற முதலாண்டு மாணவிக்கு, ஆசிரியர் எழுதிய கடிதம் இரண்டே பக்கம். வரிவரியாகப் போகாதே, அவர் எதை மறுக்க வந்தார் என்று முதலில் பார் என்கிறது அது.

மறுக்கப்படுவது ஒரே கொள்கை: வேறுவிதமாகச் செய்திருக்க முடிந்தால்தான் ஒருவர் தன் செயலுக்குப் பொறுப்பு.

பிறகு, கற்பனை மனிதர் இருவரை வைத்து ஃபிராங்ஃபர்ட் சொல்லும் வாதத்தைச் சுருக்குகிறார் ஆசிரியர். ஜோன்ஸ் ஒரு செயலைச் செய்தே ஆக வேண்டும் என்பது பிளாக்கின் விருப்பம். ஜோன்ஸ் வேறு முடிவுக்குப் போவதாகத் தெரிந்தால் மட்டுமே பிளாக் குறுக்கிட்டு அதைச் செய்யவைப்பான். ஜோன்ஸோ தானாகவே அதைச் செய்துவிடுகிறான். அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனாலும் பொறுப்பு அவனுடையதே. ஆகவே கொள்கை தவறு.

கடிதத்தின் அழகு அடுத்த பத்தியில்தான். ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்துப் பார்க்கச் சொல்கிறார். ‘தானாகவே’ செய்தான் என்பதை மறைத்தால் வாதம் சரிகிறது. கட்டாயத்துக்கு ஆளானவனைப் பொறுப்பாக்க முடியாதே! ‘மனிதருக்குச் சுதந்திரம் இல்லை’ என்று அவள் குறித்துவைத்த வரியை மறைத்தாலோ எதுவும் அசையவில்லை. அது அவளாகச் சேர்த்தது.

ஜோன்ஸின் மனம் மாறப்போவது பிளாக்குக்கு எப்படி முன்பே தெரியும்? இந்தக் கேள்வியை ஓரத்தில் எழுதிக்கொண்டு, இனி முதல் வரியிலிருந்து படி என்று முடிகிறது கடிதம்.