முக வடிவமா, மூக்கு மடலா?

மகளிர் இதழ்களின் அழகுக் குறிப்புகளில் ஒரு பட்டியல் திரும்பத் திரும்ப வரும். வட்ட முகத்துக்கு நீளப் பொட்டு, நீள முகத்துக்குப் பெரிய வட்டப் பொட்டு. அகன்ற முகத்துக்குப் பெரிய மூக்குத்தி, சின்ன முகத்துக்கு ஒற்றைக்கல். புடவை என்ன நிறமோ, பொட்டும் அதே நிறம். இதில் பாதி சரிதான். மீதிப் பாதி, பொருந்தாத நகையில் பலரைப் பணம் போட வைக்கிறது.

நெற்றியில் நெடுக்காக ஒரு கோடு விழுந்தால் பார்ப்பவரின் கண் மேலும் கீழுமாக ஓடும். முகம் சற்று நீண்டு தெரியும். பெரிய வட்டப் பொட்டு பார்வையைப் புருவ நடுவிலேயே நிறுத்திவிடுவதால் உயர்ந்த நெற்றி கொஞ்சம் அடங்கும். இதுவரை பட்டியல் சொல்வது உண்மை. ஆனால் அது அளப்பது தாடையும் கன்னமும் சேர்ந்த வெளிக்கோட்டை. பொட்டு இருப்பதோ புருவத்துக்கும் முடிக்கும் நடுவே. வட்ட முகமும் இரண்டு விரல் உயர நெற்றியும் உள்ள பெண் நீளப் பொட்டு வைத்தால் அதன் நுனி முடியைத் தொடப் போய், குறுகிய நெற்றி இன்னும் குறுகிவிடும். அவருக்கு நாலைந்து மில்லிமீட்டர் வட்டப் பொட்டைப் புருவ நடுவில் தாழ்த்தி வைப்பதுதான் எடுப்பாக இருக்கும்.

மூக்குத்தியில் இந்தப் பிழை இன்னும் பெரியது. அதன் அளவை முடிவு செய்ய வேண்டியது மூக்கு மடலும் துளை இருக்கும் இடமும்தான். ஏழுகல் மூக்குத்தியை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் கல் என்றால் குறுக்கே மூன்று கற்கள், தங்கத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். துளை மடலின் விளிம்பை ஒட்டி இருந்தால் இதன் கீழ்ப்பாதி வெளியே தொங்கும். கண்ணாடி முன் வாய்விட்டுச் சிரித்துப் பாருங்கள்: மடல் விரியும்போது மூக்குத்தி சாய்ந்து அடிப்பக்கம் தெரிந்தால், அது அந்த மூக்குக்குப் பெரிது. முகம் எவ்வளவு அகன்றதாக இருந்தாலும் பெரிதுதான். எடை கூடிய நகையை வருடக்கணக்கில் போட்டால் துளையும் கீழ்நோக்கி நீளும்.

யார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதைப் பட்டியல் கேட்பதே இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் இருபக்க வைர மூக்குத்தி கச்சேரி மேடைக்கு அத்தனை பொருத்தமாக இருந்ததற்குத் தூரமும் ஒரு காரணம் என்பேன். இன்று பலர் செல்பி பார்த்து அளவைத் தேர்கிறார்கள். கைநீளத்தில் பிடித்த போன் மூக்கை நிஜத்தைவிடப் பெரிதாகக் காட்டும். அதற்குப் பயந்து வாங்கிய கடுகளவுக் கல், எதிரே நிற்பவருக்குத் தெரிவதேயில்லை.

நிறப் பொருத்தத்தில் எனக்கு முழு மறுப்பு உண்டு. பொட்டு ஒட்டுவது தோலில். எடுபடுவதும் அடங்குவதும் தோலோடுதான். மாநிறத்தில் கரும்பச்சைப் பொட்டு நாலடி தள்ளி நின்றால் கறுப்பாகிவிடும். கிளிப்பச்சை தனியே துருத்தும். அரக்கு நிறம் எல்லாப் புடவைக்கும் செல்வதற்குக் காரணம், அது உதட்டின் நிறத்துக்கு உறவு. கல்லும் அப்படியே: பின்பக்கம் மூடிக் கட்டிய அடர்சிவப்புக் கெம்பு கருநிற மூக்கில் பக்கத்தில் வந்தால்தான் சிவக்கும். வெள்ளைக்கல் தூரத்திலும் மின்னும், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி வைத்தால்.

மயில்கழுத்து நிறப் பட்டு, அரக்குக் கரை, வலப்பக்கம் வெள்ளைக்கல் மூக்குத்தி என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் நீலப்பச்சைப் பொட்டு வைக்கச் சொல்லும். நான் கரையின் அரக்கைத்தான் எடுப்பேன், கல் பதிக்காமல். மூக்குத்தி ஏற்கெனவே மின்னுகிறது; நெற்றியிலும் ஒரு கல் மின்னினால் இரண்டும் கண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளும். மூக்குத்தியைத் தினம் கழற்ற மாட்டோம், பொட்டை மாற்றுவோம். ஆகவே பொட்டு முதலில் மூக்குத்திக்கு இணங்க வேண்டும், பிறகுதான் புடவைக்கு.

நாளுக்கொரு நிறம் என்ற பழக்கம் நம்மை ஸ்டிக்கர் பொட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. சில பசைகளில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற வேதிப்பொருள், ஒட்டிய இடத்தில் தோலின் நிறமியை அழித்து வெள்ளைத் திட்டு உண்டாக்கக்கூடும். அரிப்போ வெளுப்போ தெரிந்தால் அன்றே ஸ்டிக்கரை நிறுத்தித் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அரிப்பு இல்லாதவர்களுக்கு அதே ஸ்டிக்கர் அட்டை ஒரு விஷயத்தில் உதவும். மூக்குத்தி வாங்கும் முன், நினைத்திருக்கும் அளவில் ஒரு வட்டப் பொட்டை எடுத்துத் துளையின் மேல் சற்று நேரம் ஒட்டி, ஆளுயரக் கண்ணாடியில் நாலடி தள்ளி நின்று, சிரித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.