காத்திருப்பும் கூலியும்: ஒரு சிறுகதையை முன்வைத்து

முதல் வீடியோவை யூட்யூபில் ஏற்றிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காத்திருக்கும் சங்கரன்கோவில் இளைஞனைப் பற்றியது இந்தக் கதை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். மகன் அந்தத் தறியையே ஆறு நிமிடம் படம்பிடித்துப் போடுகிறான். ஓர் இரவுதான் கதையின் காலம். விடியும்போது எண் 17. அதில் பாதிக்கு மேல் சேக்காளியின் செல்போன் கடையில் அவனே போன் மாற்றிப் போன் மாற்றிப் பார்த்தது. நாலு பேர் பார்த்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவன் படுப்பதோடு கதை முடிகிறது.

பிரதி தன்னைத் தனிமையின் கதையாக முன்வைக்கிறது. நம் இலக்கிய வாசகருக்கு இது ரொம்ப வசதி. ஊர்ப்பையன், நிராசை, ஒரு பெருமூச்சு, பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் இந்த வாசிப்பைக் கலைத்துப்போடும் இடமொன்று பிரதிக்குள்ளேயே இருக்கிறது. நள்ளிரவில் அவன் இன்னோர் எண்ணையும் பார்க்கிறான்: வந்தவர்கள் சராசரியாகப் பார்த்தது 38 வினாடி. கதைசொல்லி அதை ஓர் அவமானமாக மட்டும் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். நாம் அங்கேதான் நிற்க வேண்டியிருக்கிறது.

2012இலிருந்தே யூட்யூப் எந்த வீடியோவை முன்னால் தள்ளுவது என்று தீர்மானிக்க, எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையே பெரிதாக எடுத்துக்கொள்கிறது. இவனைப் போல நீள வீடியோ போடுபவர் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க 1000 சப்ஸ்கிரைபர் வேண்டும். 12 மாதத்தில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்கவும் வேண்டும். 2018இல் வந்த விதி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38 வினாடி வீதம் 4000 மணி நேரம் சேர, ஏறத்தாழ 3 லட்சத்து 79 ஆயிரம் தடவை பார்க்கப்பட வேண்டும். அதுவரை அவன் சும்மா உழைக்கிறான். 2020இல் அறிவிக்கப்பட்ட விதிமாற்றத்தின்படி, பங்கு பெறாதவர் வீடியோவிலும் நிறுவனம் விளம்பரம் ஓட்டலாம். அந்தக் காசில் அவருக்கு ஒன்றும் கிடையாது.

ஆக, அவன் காத்திருப்பது நாலு பேருக்காக அல்ல. அந்த நாலு பேரை அவனிடம் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற, முகமில்லாத ஒரு முதலாளிக்காக.

அப்பாவின் தறி கதையில் வெறும் பின்னணிச் சத்தமாக, தாலாட்டாக ஒலிக்கிறது. பெரிய இழப்பு இது. நெய்த சேலைக்குக் கூலி வாங்குபவர் அவர். கூலி குறைந்தால் சண்டை போடலாம், தறியை நிறுத்தலாம். பக்கத்துத் தறிக்காரரும் கூட நிற்பார். மகன் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அவன் நிறுத்தினால் நிறுத்தினான் என்பதுகூட யாருக்கும் தெரியாது.

சிறுகதை என்ன கணக்கு நோட்டா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அந்தக் கணக்கைப் பிரதியே ஓரிடத்தில் தொட்டுவிடுகிறது. ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும் அப்பா, 'இதுக்கு எம்புட்டுக் கூலி?' என்கிறார். மகனிடம் பதில் இல்லை. கதைசொல்லி அதை அப்பாவின் அறியாமையாக, ஒரு சிரிப்பாகக் கடந்துபோகிறார். மொத்தக் கதையிலும் விஷயம் தெரிந்து பேசியவர் அவர் ஒருவர்தான்.