பில்லைப் பார்த்தால் மட்டும் போதாது

ஊழியர்களின் பயணச் செலவுக் கோரிக்கைகளைப் பெரும்பாலான கம்பெனிகளில் வவுச்சர் வவுச்சராகத்தான் சரிபார்க்கிறார்கள். பில் இருக்கிறதா, தொகை வரம்புக்குள் வருகிறதா, மேலாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று மூன்றையும் பார்த்து பாஸ் செய்துவிடுகிறார்கள். இந்த முறையில் நன்மை இல்லாமல் இல்லை. விற்பனைப் பிரதிநிதிக்கும் பொது மேலாளருக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கிறது. தணிக்கையாளர் கேட்டால் காட்டக் காகிதம் இருக்கிறது. ஆனால் செலவைப் பிரித்துப் போட்டவரை இந்த முறையால் பிடிக்கவே முடியாது. பிரித்துப் போட்ட ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் விதிப்படியே இருக்கும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் உள்ள ஒரு பம்பு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி மதுரையில் டீலர்களுக்கு விருந்து கொடுக்கிறார். செலவு 9,200 ரூபாய். கிளை மேலாளர் 5,000 ரூபாய் வரைதான் ஒப்புதல் தரலாம்; அதற்கு மேல் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். பிரதிநிதி 4,650 ரூபாய்க்கு ஒரு பில்லை இந்த வாரமும், 4,550 ரூபாய்க்கு இன்னொன்றை அடுத்த வாரமும் போடுகிறார். இரண்டும் பாஸ் ஆகிவிடுகின்றன.

இதைக் கண்டுபிடிக்க மாதக் கடைசியில் கோரிக்கைகள் மொத்தத்தையும் ஊழியர், கடை, பில் தேதி என்ற வரிசையில் அடுக்கினால் போதும். கோரிக்கை கொடுத்த தேதியை வைத்து அடுக்கினால் தப்பிவிடும். இங்கே பில் எண்கள் 1187, 1188. தேதி ஒன்று, டேபிள் எண்ணும் ஒன்று, நேரம் 10.14, 10.15. ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு பில் கேட்டு வாங்கியிருக்கிறார். முதல் பில் இரவு 8.30க்கும் இரண்டாவது 10.40க்கும் போடப்பட்டு, இடையில் வேறு பில் எண்கள் ஓடியிருந்தால், இரண்டு குழுவாக வந்து சாப்பிட்டிருக்க நியாயம் உண்டு. பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகும் இந்த விவரங்களை மொத்தத் தொகையில் மட்டும் கண்ணை வைப்பவர் கவனிப்பதே இல்லை.

வருமான வரிச் சட்டமும் இந்தத் தந்திரத்தைப் பார்த்துத்தான் திருந்தியது. ரொக்கச் செலவுக்கான வரம்பை ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் தனித்தனியாக வைத்திருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40A(3) பிரிவை 2008இல் திருத்தி, ஒருவருக்கு ஒரே நாளில் கொடுத்த மொத்தத்தையும் கூட்டிப் பார்க்கச் செய்தார்கள். கம்பெனி விதிகளில் பல இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

பிடித்துவிட்டோம் என்று உடனே பணத்தைப் பிடித்தம் செய்வது எனக்கு உடன்பாடில்லை. தலைமை அலுவலக ஒப்புதல் வர மூன்று வாரம் ஆகும், அதுவரை கைப்பணம் முடங்கிக் கிடக்கும் என்பதற்காகப் பிரிப்பவர்கள் உண்டு. டீலர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள் என்பது உறுதியானால் செலவு உண்மை; விதிமீறலைப் பதிவு செய்து எச்சரிக்கலாம். அதே கிளையில் பலரும் பிரிக்கிறார்கள் என்றால் கோளாறு ஒப்புதல் முறையில் இருக்கிறது. ஆனால் மேலாளரே உடனிருந்து சாப்பிட்டு, பில்லை இளையவர் பெயரில் போடச் சொல்லித் தானே ஒப்புதலும் தந்திருந்தால் அதை மன்னிக்கக் கூடாது. மேசையில் யார் மூத்தவரோ அவர்தான் பில் கட்டிக் கோர வேண்டும் என்ற ஒரு விதி இந்த வழியை அடைத்துவிடும்.

பில் இல்லாத செலவில் நம் கண்டிப்பு தலைகீழாக இருக்கிறது. ஆட்டோக்காரர் பில் தரமாட்டார். வெப்பத்தில் அச்சாகும் பெட்ரோல் பங்க் ரசீது சட்டைப்பையில் கிடந்து சில வாரத்தில் வெளுத்துவிடும். எல்லாவற்றுக்கும் பில் கேட்டே தீருவோம் என்றால் ஊழியர் மெஸ்ஸில் வெற்று பில் வாங்கி நிரப்பக் கற்றுக்கொள்வார். பத்து நாள் இடைவெளியில் வந்த இரண்டு மெஸ் பில்களில் அடுத்தடுத்த எண்கள் இருந்தால், பில் புத்தகம் ஊழியரின் பையில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பெங்களூரு லாட்ஜ் பில்லில் ஜிஎஸ்டி எண் 29க்குப் பதில் தமிழ்நாட்டின் 33இல் தொடங்கினால் அங்கேயும் விசாரிக்க வேண்டும்.

சின்னச் செலவுக்கு நாளொன்றுக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, எங்கிருந்து எங்கே, எதற்காக என்று எழுதிய உறுதிமொழியையே ஏற்கலாம். யார் எத்தனை முறை உறுதிமொழி தருகிறார் என்பதை மட்டும் எண்ணி வர வேண்டும். ஒரே பகுதியில் சுற்றும் நால்வரில் ஒருவருக்கு மட்டும் அது பல மடங்கானால் அவரை அழைத்துக் கேட்கலாம்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: 80 ரூபாய் ஆட்டோ செலவைத் திருப்பி அனுப்பும் நேரத்தை மிச்சப்படுத்தி, மாதம் ஒரு முறை மொத்தக் கோரிக்கைகளையும் கடைவாரியாக, பில் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள்.