17 நாளா, 20 நாளா?

புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடத்தில் கிரிட்டிக்கல் பாத் கணக்கு வந்தால் மாணவர்கள் மகிழ்ச்சியோடு எடுப்பார்கள். வேலையின் பெயர், ஆகும் நாள், அதற்கு முன் முடிய வேண்டிய வேலை என்று மூன்று பத்திகளில் ஓர் அட்டவணை இருக்கும். முன்னோக்கி ஒருமுறை கூட்டி, பின்னோக்கி ஒருமுறை கழித்தால் விடை வந்துவிடும். தமிழ்நாட்டில் 11ஆம் வகுப்பு வணிகக் கணிதத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. பொறியியலிலும் எம்.பி.ஏ.விலும் மறுபடி வருகிறது. இந்தக் கணக்கு எதைச் சரியாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்க, திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சிப்காட் வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் கம்பி உருட்டும் ரோலிங் மில்கள் இருக்கின்றன. பில்லட்டைச் சூடாக்கும் ரீஹீட்டிங் ஃபர்னஸின் உள்செங்கல் தேய்ந்துவிட்டால், மில்லை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். அந்த ஷட்டவுனில் ஒவ்வொரு நாளும் உற்பத்தி இல்லாத நாள்.

அப்படி ஒரு ஷட்டவுனைக் கணக்காக எழுதிப் பார்ப்போம். நாட்கள் ஆலைக்கு ஆலை மாறும். இவை கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

| குறி | வேலை | நாள் | முன்வேலை |
|---|---|---|---|
| அ | ஃபர்னஸை அணைத்து ஆறவிடுதல் | 2 | – |
| ஆ | பழைய செங்கலை உடைத்து அள்ளுதல் | 3 | அ |
| இ | ஃபர்னஸின் இரும்புக் கூட்டை வெல்டிங் செய்து சீராக்குதல் | 2 | ஆ |
| ஈ | புதுச் செங்கல் கட்டி, காஸ்டபிள் போடுதல் | 5 | இ |
| உ | மெதுவாகச் சூடேற்றி உலர்த்துதல் | 4 | ஈ |
| ஊ | மில் ஸ்டாண்டுகளைப் பிரித்தல் | 2 | – |
| எ | பேரிங் மாற்றி ஸ்டாண்டுகளைச் சீராக்குதல் | 6 | ஊ |
| ஏ | மோட்டார் பழுது | 5 | ஊ |
| ஐ | ஸ்டாண்டுகளை ஏற்றி அலைன்மென்ட் பார்த்தல் | 3 | எ, ஏ |
| ஒ | சோதனை ஓட்டம் | 1 | உ, ஐ |

முதலில் முன்னோக்கிப் போவோம். ஃபர்னஸ் பக்கம் 2, 5, 7, 12, 16 என்று நகர்ந்து 16ஆம் நாள் உலர்த்தல் முடிகிறது. மில் பக்கம் ஸ்டாண்ட் பிரிப்பது 2இல் முடியும். பேரிங் வேலை 8இலும் மோட்டார் 7இலும் முடியும். அலைன்மென்ட்டுக்கு இரண்டும் முடிந்திருக்க வேண்டும் என்பதால் பிந்தி முடியும் 8ஐத்தான் எடுக்க வேண்டும். அது 11இல் முடிகிறது. சோதனை ஓட்டத்துக்கு உலர்த்தலின் 16தான் பிந்தியது. ஆக, ஷட்டவுன் 17 நாள். அ, ஆ, இ, ஈ, உ, ஒ என்பது கிரிட்டிக்கல் பாத். இதில் எது ஒரு நாள் தள்ளிப்போனாலும் மில் ஒரு நாள் தாமதமாக ஓடும்.

இனிப் பின்னோக்கி வருவோம். சோதனை ஓட்டம் 16இல் தொடங்கியாக வேண்டும் என்றால், அலைன்மென்ட் கடைசியாக 13இல் தொடங்கலாம், பேரிங் வேலை 7இல், மோட்டார் 8இல். ஸ்டாண்ட் பிரிப்பது எப்போதைக்குள் முடிய வேண்டும்? அதற்குப் பின்னால் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. பின்னோக்கி வரும்போது முந்திய தேதியை, அதாவது 7ஐ எடுக்க வேண்டும். 8ஐ எடுத்துவிடும் தவறு விடைத்தாளில் அடிக்கடி வருகிறது. அதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. 7ஐ எடுத்தால் ஸ்டாண்ட் பிரிப்பதன் ஃப்ளோட் 5, 8ஐ எடுத்தால் 6. அதன் பின்வேலையான பேரிங்குக்கு 5 நாள்தான் ஃப்ளோட். ஸ்டாண்ட் பிரித்து முடித்த கையோடு பேரிங் வேலை தொடங்குவதால், முன்னது 6 நாள் தாமதித்தால் பின்னதும் 6 நாள் தாமதிக்கும். அதற்கு அங்கே இடமில்லை. எண்கள் இப்படி முரண்பட்டால் பின்னோக்கிய கணக்கில் எங்கோ பிசகியிருக்கிறது.

இதுவரை கணக்கில் ஒரு குறையும் இல்லை. முறையின் முதல் பலம் இங்கேயே தெரிகிறது. மில் பக்கம் கூட்டமும் சத்தமும் அதிகம். மேற்பார்வையாளரின் கண் இயல்பாக அங்கேதான் போகும். ஆனால் ஷட்டவுனின் நீளத்தை முடிவு செய்வது, செங்கல் மேஸ்திரிகள் நாலைந்து பேர் குனிந்து வேலை செய்யும் ஃபர்னஸின் உட்புறம் என்று அட்டவணை காட்டிவிடுகிறது. கண்ணால் பார்த்து இதைச் சொல்வது எளிதல்ல. இந்த முறை பிறந்ததும் இப்படிப்பட்ட தேவையில்தான். 1950களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் இதை உருவாக்கினார்கள். லூயிவில்லில் இருந்த டூபாண்ட் ஆலையின் பராமரிப்பு ஷட்டவுனில் இதைப் பயன்படுத்தியபோது 125 மணி நேரமாக இருந்த நிறுத்தம் 93 மணி நேரமாகக் குறைந்தது. தேர்வுத்தாளுக்கு வருமுன் இது பட்டறையில் வேலை செய்து காட்டிய கணக்கு.

சிக்கல் ஃப்ளோட்டைப் படிக்கும் விதத்தில் தொடங்குகிறது. மேற்படி கணக்கின் விடையில் ஸ்டாண்ட் பிரித்தலுக்கு 5, பேரிங்குக்கு 5, அலைன்மென்ட்டுக்கு 5 என்று மூன்று வரிசைகளில் அடுத்தடுத்து வரும். மூன்று குழுத் தலைவர்களிடம் இந்தத் தாளைக் கொடுத்தால், ஒவ்வொருவரும் தமக்கு 5 நாள் கையில் இருப்பதாக நினைப்பார்கள். உண்மையில் அந்த 5 நாள் அந்தப் பாதை முழுவதற்கும் பொது. ஸ்டாண்ட் பிரிப்பவர் 3 நாள் எடுத்துக்கொண்டால் மற்ற இருவருக்கும் சேர்த்து மிஞ்சுவது 2 நாள். மோட்டாருக்கு மொத்த ஃப்ளோட் 6. அடுத்த வேலையைப் பாதிக்காமல் அது தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடிய ஃப்ரீ ஃப்ளோட் ஒரே ஒரு நாள். அதற்கு மேல் எடுப்பதெல்லாம் அலைன்மென்ட்டின் பங்கில் இருந்துதான் வரும். பாடநூல்கள் இரண்டு ஃப்ளோட்டையும் வரையறுக்கின்றன. ஆனால் கேள்விகள் பெரும்பாலும் மொத்த ஃப்ளோட்டோடு நின்றுவிடுகின்றன. குழுக்களுக்குக் கொடுக்கும் தாளில் இருக்க வேண்டியது ஃப்ரீ ஃப்ளோட். மொத்த ஃப்ளோட் மேலாளரின் மேசையில் இருக்கட்டும்.

இன்னும் பெரிய குறை ஒன்று உண்டு. அட்டவணையை மறுபடி பாருங்கள். ஃபர்னஸ் கூட்டை வெல்டிங் செய்வதும் ஸ்டாண்டுகளைச் சீராக்குவதும் ஒரே காண்டிராக்டரின் ஒரே ஃபிட்டர்–வெல்டர் குழு செய்யும் வேலைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆள் தட்டுப்பாடான சீசனில் இப்படி அமைவது சாதாரணம். முன்வேலைப் பத்தியில் இதற்கு இடமே இல்லை. இ, எ இரண்டுக்கும் இடையில் கோடு கிடையாது. பேரிங் வேலை 2இல் தொடங்கி 8 வரை போகிறது. 5ஆம் நாள் முடிவில் ஃபர்னஸ் கூடு வெல்டிங்குக்குத் தயாராக நிற்கிறது. குழு எங்கே போகும்?

கையில் எடுத்த வேலையை முடித்துவிட்டு வருகிறோம் என்று குழு சொல்வது இயல்பு. அப்படியே விட்டால் வெல்டிங் 8இல் தொடங்கி 10இல் முடியும், செங்கல் கட்டுமானம் 15இல், உலர்த்தல் 19இல், சோதனை ஓட்டம் 20இல். மூன்று நாள் போய்விட்டது. யாரும் தாமதிக்கவில்லை, ஒவ்வொரு வேலையும் அட்டவணையில் போட்ட நாளுக்குள்தான் முடிந்தது. இப்போது உண்மையான கிரிட்டிக்கல் பாத் ஊ, எ, இ, ஈ, உ, ஒ. அட்டவணை ஃப்ளோட் உண்டு என்று சொன்ன இரண்டு வேலைகள் அதில் உட்கார்ந்திருக்கின்றன. மாறாக, 5ஆம் நாள் பேரிங் வேலையை நிறுத்தி, குழுவை இரண்டு நாள் ஃபர்னஸுக்கு அனுப்பினால் ஸ்டாண்ட் வேலை 10இலும் அலைன்மென்ட் 13இலும் முடியும். ஷட்டவுன் 17இலேயே நிற்கும். ஃப்ளோட் 5இல் இருந்து 3 ஆகக் குறையும், அவ்வளவுதான். ஃப்ளோட்டின் உண்மையான பயன் இதுதான்: ஆளையும் கிரேனையும் அவசர வேலைக்கு இரவல் கொடுக்க அது இடம் தருகிறது. எலியாஹு கோல்ட்ராட் 1997இல் எழுதிய ‘கிரிட்டிகல் செயின்’ என்ற நூல், ஆள்–கருவிச் சார்பையும் சேர்த்தே பாதையைக் காண வேண்டும் என்று வாதிட்டது. நமது வகுப்பறைகளில் இது, நேரம் இருந்தால் நடத்தும் கடைசிப் பகுதியாகக் கிடக்கிறது.

கிரிட்டிக்கல் வேலையைப் பணம் கொடுத்துச் சுருக்கு என்பது பாடத்தின் அடுத்த கட்டம். அங்கும் அட்டவணை வேலையின் தன்மையை மறைக்கிறது. செங்கல் கட்டுவதற்கு இரவு ஷிஃப்டில் இன்னொரு மேஸ்திரிக் குழு போட்டால் ஒன்றிரண்டு நாள் மிச்சமாகலாம். உலர்த்தலை அப்படித் தொடக் கூடாது. காஸ்டபிளில் கலந்த தண்ணீர் மெதுவாக வெளியேற வேண்டும். பர்னரைத் திறந்துவிட்டால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி அழுத்தம் ஏறும்; புதுச்சுவர் விரிசல் விடும், மோசமானால் வெடித்துச் சிதறும். அதனால்தான் மணிக்கு இத்தனை டிகிரிக்கு மேல் ஏற்றாதே, இந்த வெப்பத்தில் இத்தனை மணி நேரம் நிறுத்து என்று சப்ளையர் ஒரு வெப்பப் பட்டியலையே கொடுக்கிறார். அட்டவணையில் ‘ஈ – 5’, ‘உ – 4’ இரண்டும் ஒரே மாதிரி எண்கள். ஒன்று ஆளால் சுருங்கும், மற்றது சுருங்காது.

அட்டவணை எந்த வரியில் தொடங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். நமது கணக்கு ஃபர்னஸை அணைத்த நாளில் தொடங்குகிறது. செங்கலுக்கு ஆர்டர் கொடுத்து அது வந்து சேரும் வாரங்கள் அதில் இல்லை. வடிவச் செங்கல் வராமல் ஃபர்னஸை அணைத்துவிட்டால் மேலே போட்ட கணக்குக்கு மதிப்பே இல்லை. இதே கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இதன் பெரிய உருவம் இருக்கிறது. கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கப் பணி 2013இல் தொடங்கி, 2020 நவம்பரில்தான் திறப்பு விழா கண்டது. நிலம் கையகப்படுத்துவதில் ஏற்பட்ட இழுபறி அதன் பெரிய காரணங்களில் ஒன்று. கரை கட்டும் வேலைகளை மட்டும் வரிசைப்படுத்திய எந்த அட்டவணையும் அந்தத் தாமதத்தை முன்கூட்டிக் காட்டியிருக்காது.

என் முடிவு இது. கூட்டல் கழித்தலில் இந்த முறை பழுதற்றது. பாதையைத் தீர்மானிப்பது கூட்டல் அல்ல, முன்வேலைப் பத்தியை நிரப்பும் கை. தேர்வில் அந்தப் பத்தி நிரப்பியே கொடுக்கப்படுகிறது. அதனால் கடினமான பகுதியை மாணவர் தொடுவதே இல்லை. கேள்வித்தாள் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அட்டவணையில் ‘யார் செய்கிறார்’ என்று நான்காவது பத்தியைச் சேருங்கள். ஒரே குழுவின் பெயர் இரண்டு வரிகளில் வரட்டும். ஷட்டவுன் 17 நாளில் முடியுமா, 20 நாள் ஆகுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்ணில் பாதியையாவது ஒதுக்குங்கள்.