மூன்று மணி நேரக் கச்சேரிக்கு எந்த ஹெட்போன்?

நீண்ட நேரம் கேட்பதற்கு எந்த ஹெட்போன் நல்லது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஓப்பன்-பேக் வாங்கச் சொல்வார்கள். காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் வலையாகத் திறந்திருக்கும் வகை அது. யோசனை தவறில்லை. ஆனால் அமைதியான, அதிகம் புழுங்காத அறையில் கேட்கிறவரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது அது. சீலிங் ஃபேன் ஓடாமல் உட்கார முடியாத ஊரில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் அமர்ந்து மூன்று மணி நேரக் கச்சேரிப் பதிவைக் கேட்கிறவருக்கு அது எவ்வளவு பொருந்தும்?

ஓப்பன்-பேக்கின் பெருமை நியாயமானது. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 மூலம் இந்த வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒலியை எழுப்பும் டிரைவர் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கமும் ஒலி பிறக்கிறது. மூடிய கிண்ணத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்து குரலோடு கலக்கும். திறந்த கிண்ணத்தில் வெளியே போய்விடும். அதனால் பாடகரின் குரலும் வயலினும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல், தலைக்குச் சற்று வெளியே நின்று ஒலிப்பதாகத் தோன்றும். வெப்பமும் அந்த வழியாகவே கொஞ்சம் வெளியேறும். 1997-இல் வந்த எச்டி 600 சுமார் 260 கிராம்தான். பஞ்சுத் திண்டின் மேல் வெல்வெட் போன்ற துணி. புதிதில் தலையை நன்றாகவே இறுக்கும். சில வாரங்களில் அந்த இறுக்கம் தளர்ந்தபின், மணிக்கணக்கில் அணிந்திருந்தாலும் காது முறையிடுவதில்லை. மிக அடியிலுள்ள பேஸ் சற்று மெலியும் என்பது உண்மை. இன்றைய திரைப்பாடல்களில் அது தெரியும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கிக்குப் பெரிய குறை வராது.

சிக்கல் ஃபேன் சுவிட்சைப் போட்டதும் தொடங்குகிறது. வெளிச்சத்தம் ஓப்பன்-பேக்கில் ஏறக்குறைய அப்படியே காதுக்கு வந்துவிடும். ஃபேனின் இரைச்சல் முதலில் விழுங்குவது தம்புராவின் நீளும் நாதத்தையும், ஆலாபனையில் குரல் தணிந்து கரையும் இடங்களையும்தான். கேட்கிறவர் என்ன செய்வார்? தன்னையறியாமல் வால்யூமைக் கூட்டுவார். கொஞ்சம்தான், ஒரு 6 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய மாற்றமாகவே தோன்றாது.

கணக்கு வேறு சொல்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் அளவில் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. தினமும் மூன்று மணி நேரம் கேட்டால் வாரத்துக்கு 21 மணி. அமைதியான அறையில் 80-இல் கேட்பவருக்கு வரம்பில் ஏறக்குறைய பாதி மிச்சம். அதே ஹெட்போனை ஃபேனுக்குக் கீழே 86-இல் கேட்பவர் வரம்பை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறார். ஒலித்தரத்துக்காக வாங்கிய கருவி காதைக் களைப்பாக்குவது இப்படித்தான். தனி ஆவர்த்தனம் வரும்போது அந்தக் கூட்டிய வால்யூமில் அடிகள் காதைக் குத்தும். பழி மிருதங்கத்தின் மேல் போகும்!

அப்படியானால் பின்பக்கம் மூடிய குளோஸ்ட்-பேக் எடுத்துவிடலாமே என்று தோன்றும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூடிய கிண்ணம் தடுப்பது பெரும்பாலும் உயர்ந்த சுருதிச் சத்தங்களை: பாத்திரம் உருளும் ஒலி, பேச்சின் கூர்மை. ஃபேனின் ஆழ்ந்த உறுமலில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு இன்னொரு தொல்லை. கண்ணாடியின் காம்பு திண்டைத் தூக்கிவிடும். அந்த இடுக்கு வழியாகச் சத்தம் நுழையும், பேஸ் கசிந்துபோகும். பாட்டு ஓடும்போது காம்பை ஒரு நொடி உயர்த்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று நிறைந்தால் காரணம் அதுதான். வெக்கை இதற்கெல்லாம் மேல். சென்னையின் மே மாதத்தில் செயற்கைத்தோல் திண்டுக்குள் ஒரு மணி நேரத்தில் காது நனைந்துவிடும். வியர்வையில் ஊறிய அந்தத் தோல் நாளடைவில் கருப்புச் செதில்களாக உரிந்து கன்னத்தில் ஒட்டும்.

குளோஸ்ட்-பேக்கின் குலத்தொழிலே வேறு. 1991-இல் வந்த சோனி எம்டிஆர்-7506 இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கிறது. பாடுகிறவரின் காதில் ஒலிக்கும் இசை மைக்கில் ஏறாமல் இருக்க வேண்டும், அதற்கு அது சரியான கருவி. அதன் மெல்லிய திண்டில் பலருக்குக் காதுமடல் உள்ளே உரசும். அரை நாள் இசை ரசிப்பதற்கு அதை ஏன் வாங்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் குழந்தை தூங்குகிறது, நம் பாட்டு வெளியே கேட்கக்கூடாது என்றால் மட்டும் இந்த வகைக்கு என் ஓட்டு. இரைச்சல் நீக்கும் மின்சுற்று உள்ள மாதிரிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. ஃபேன், ஏசி, பேருந்து எஞ்சின் போன்ற மாறாத தாழ்ந்த இரைச்சலை அவை நன்றாகவே அழிக்கும். ஆனால் சிலருக்குக் காதில் அழுத்தம் போன்ற உணர்வு வரும். வியர்வையும் எங்கும் போய்விடாது.

வெறும் தடுப்பை மட்டும் பார்த்தால் காதுக்குள் செருகும் இன்-இயர்தான் முன்னால் நிற்கிறது. 1991-இல் வந்த எடிமோடிக் ஈஆர்-4 போல மூன்றடுக்கு ரப்பர் முனையோடு ஆழமாகச் செல்வது, சரியாக அமைந்தால், 30 டெசிபெல்லுக்கு மேல் சத்தத்தைத் தடுக்கும். ஃபேனின் உறுமலும் அதில் அடங்கும். மேலே சொன்ன அதே அறையில், கூட்டிய 6 டெசிபெல்லை மறுபடி குறைத்துக்கொள்ளலாம். பேஸும் நேராகக் கிடைக்கும். பெரிய ஹெட்போனில் கிடைக்கும் விரிவு கிடைக்காது. கச்சேரி மண்டையின் நடுவில் நடப்பதுபோல இருக்கும்.

உடலுக்கு இது தரும் தொல்லை வேறு விதம். அடைத்த காதில் நம் குரலும் மெல்லும் சத்தமும் காலடியும் பூதாகாரமாக ஒலிக்கும். வயர் சட்டையில் உரசினால் அதுவும் கேட்கும். காதுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்றுக்கு வழி உண்டு. எனவே மணிக்கு ஒருமுறை கழற்றிக் காது உலரவிடுவது அவசியம். குளித்த ஈரத்தோடு செருகுவது கூடாது. காது அரிக்கத் தொடங்கிவிட்டால் சில நாள் அதைத் தொடாமலே இருக்க வேண்டும்.

ஆகவே என் தேர்வு நேரத்தைப் பொறுத்தது. தெரு அடங்கி, ஃபேனைக் குறைத்து வைக்க முடிகிற பின்னிரவில் ஓப்பன்-பேக். பகலுக்கு இன்-இயர். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பகலில் எவ்வளவு கேட்பீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

கடையில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குவது இந்த மூன்று வகைக்குமே ஆகாது. சற்றே உரக்க ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகத் தோன்றும்; அதனால் இரண்டை ஒப்பிடும்போது முதலில் வால்யூமைச் சமப்படுத்த வேண்டும். மேல் சுருதிகளைத் தூக்கிக் காட்டும் ஹெட்போன் முதல் பாட்டில் பளிச்சென்று இருக்கும். இரண்டாம் மணி நேரத்தில் பாடகரின் ஒவ்வொரு ‘ஸ’வும் ஊசியாகும். முடிந்தால் பாட்டே இல்லாமல் இருபது நிமிடம் தலையில் மாட்டி உட்காருங்கள். உச்சந்தலை, காதின் பின்புறம், தாடை ஆகிய மூன்றில் எது முதலில் வலிக்கிறது என்று பார்த்தால் போதும். இன்-இயர் என்றால், சுமார் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு முனையை லேசாக உள்ளே அழுத்துங்கள். ஒலி கூடினால் முனை சிறியது. இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம். பெட்டியில் மூன்று அளவு முனைகள் வைத்திருப்பது அதற்கும்தான்.