தலைமாட்டு மஞ்சள் அட்டை யாரிடம் பேசுகிறது?

முதியோர் வார்டுகளில் விழுதல் தடுப்புக்காக ஒட்டப்படும் காகிதங்கள் ரெண்டு வகை. ஒன்று நடைபாதைச் சுவரில் இருக்கும் பெரிய போஸ்டர். இன்னொன்று கட்டிலின் தலைமாட்டில் மாட்டும் சின்ன அட்டை. போஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ஈரத்தரையில் வழுக்கி விழும் ஒரு தாத்தா படம், கீழே எட்டுப் பத்து அறிவுரைகள். வார்டில் முதியவர்கள் விழுவது பெரும்பாலும் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில், இறங்கும்போதும் எழும்போதும் திரும்பும்போதும். நடைபாதையில் இருக்கும் போஸ்டர் அந்த நேரத்தில் அவர் கண்ணில் படப்போவதில்லை. அதனால் அட்டைக்கே வருகிறேன்.

வழக்கமான அட்டை மஞ்சள் நிறத்தில் இருக்கும். 'விழும் அபாயம்: அதிகம்' என்று எழுதியிருக்கும். மாட்டும் இடம் நோயாளியின் தலைக்குப் பின்னால். அந்த அறையில் அதைப் படிக்க முடியாத ஒரே ஆள் அவர்தான். சரி, அது ஊழியர்களுக்கானது என்றே வைத்துக்கொள்வோம். படித்த ஊழியர் என்ன செய்யணும்? அட்டையில் பதில் இல்லை.

இந்த 'அதிகம்' எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். பல மருத்துவமனைகளில் மோர்ஸ் அளவுகோல் பயன்படுகிறது. ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். 45-ஐத் தாண்டினால் அபாயம் அதிகம் என்று எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஒரு பாட்டியைக் கற்பனை செய்வோம். சமீபத்தில் ஒருமுறை விழுந்திருக்கிறார், 25. ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள், 15. வாக்கர் பிடித்து நடக்கிறார், 15. கையில் டிரிப்ஸ் ஓடுகிறது, 20. நடை பலவீனம், 10. புத்தி தெளிவு, 0. மொத்தம் 85. பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தா. இதுவரை விழுந்ததில்லை, டிரிப்ஸும் இல்லை. ஆனால் வேறு நோய்கள் உண்டு, 15. மேஜை, கட்டில் என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், 30. தள்ளாட்டம் அதிகம், 20. தன்னால் நடக்க முடியாது என்பதே அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை, 15. மொத்தம் 80.

ரெண்டு பேருக்கும் அதே மஞ்சள் அட்டைதான். பாட்டிக்குத் தேவை வாக்கரும், டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ள ஒரு ஆளும். அவரிடம் சொன்னால் புரிந்துகொள்வார், பெல் அடிப்பார். தாத்தாவிடம் 'கூப்பிடுங்கள்' என்று எத்தனை தடவை சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. அவரை நேரம் பார்த்து நாமே கழிவறைக்கு அழைத்துப் போகணும். இந்த வித்தியாசமெல்லாம் ஆறு கேள்விகளிலும் ஏற்கெனவே இருந்தது. கூட்டிப் போட்டு ஒரு எண்ணாக்கி, அந்த எண்ணையும் ஒரு நிறமாக்கியபோது காணாமல் போய்விட்டது.

பாஸ்டனில் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் பாட்ரிசியா டைக்ஸ் குழு இந்த இடத்தில்தான் கை வைத்தது. முதலில் நர்ஸ்களையும் உதவியாளர்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். நர்ஸுக்குத் தெரிந்த விவரம் உதவியாளருக்குப் போய்ச் சேருவதில்லை, பொதுவான 'அபாயம்' அட்டையால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை என்று வந்தது. அதன்பின் உருவானதுதான் 'ஃபால் டிப்ஸ்'. நர்ஸ் மதிப்பீட்டை நிரப்பியதும், எந்தக் காரணத்துக்கு எந்த உதவி என்று அந்த நோயாளிக்கே உரிய படங்களுடன் கட்டிலருகே மாட்டும் தாள் அச்சாகி வரும். 2010-இல் வெளியான முடிவு: நான்கு மருத்துவமனைகளில், ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு விழுதல் வழக்கமான வார்டுகளில் 4.18, இந்த வார்டுகளில் 3.15. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பலன் கூடுதல். ஆனால் அந்தச் சோதனையில் காயங்களின் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும். மேற்கோள் காட்டுபவர்கள் பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்க சாட்சியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 24 வார்டுகளில் நடந்த 'சிக்ஸ்-பேக்' சோதனை 2016-இல் வெளியானது. தலைமாட்டு எச்சரிக்கை அட்டை அதன் ஆறு உத்திகளில் ஒன்று. ஊழியர்கள் அந்த உத்திகளைக் கூடுதலாகச் செய்தார்கள். விழுதல் குறையவில்லை. அட்டை மாட்டிவிட்டோம் என்று தணிக்கைப் படிவத்தில் டிக் அடிப்பது ஒன்றும், விழாமல் இருப்பது இன்னொன்றும் என்று இதைப் படிக்கிறேன். ஆறும் சேர்ந்த சோதனை என்பதால் அட்டைமேல் மட்டும் பழி போட முடியாது.

இனி நம்ம ஊர் அட்டை. ஆங்கிலத்தில் 'கால், டோன்ட் ஃபால்' என்று எதுகையோடு ஒரு வாசகம் உண்டு. அதை மொழிபெயர்த்து 'அழையுங்கள், விழாதீர்கள்' என்று போடுகிறார்கள். எதுகை போய்விட்டது, பரவாயில்லை. யாரை அழைப்பது என்பதும் சேர்ந்து போய்விட்டதுதான் பிரச்சினை. நம்ம வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் மகளோ மருமகளோ பேரனோ பாய் விரித்து இருப்பார்கள். பாட்டி 'அம்மாடி' என்றுதான் அழைப்பார். மகள் எழுந்து கையைப் பிடிப்பாள். அட்டை சொன்னபடி அழைத்தாகிவிட்டது. ஒரு கையில் அம்மா, மறுகையில் டிரிப்ஸ் ஸ்டாண்டு, வாக்கர் மூலையில். அம்மா சரிந்தால் மகளும் சேர்ந்து சரிவாள். 'உதவியுடன் நடக்கவும்' என்ற வாசகத்திலும் இதே ஓட்டை.

பாட்டிக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: 'பாத்ரூம் போக வாக்கர் வேணும், பக்கத்துல ஒருத்தர் வேணும். டிரிப்ஸ் இருக்கும்போது சிஸ்டர் வந்தப்புறம்தான் இறங்கணும். கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுந்திருங்க.' கொச்சையாக இருக்கிறதே என்று நிர்வாகம் முகம் சுளிக்கலாம். சாயங்காலம் தங்கைக்குப் பதிலாக அண்ணன் வந்து உட்காரும்போது, அவள் இதே வார்த்தைகளில்தான் அவனிடம் சொல்லிவிட்டுப் போவாள். இன்னொரு பிரதி கால்மாட்டுச் சுவரில், கண்ணாடி போடாமல் படுத்தபடியே படிக்கிற அளவு எழுத்தில் வேண்டும். பளபளப்பான லேமினேஷன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளையாக அடிக்கும், மங்கலானது போதும். அதன்மேல் அழிக்கக்கூடிய பேனாவில் தேதி போடணும். டிரிப்ஸ் எடுத்து மூன்று நாள் ஆகியும் டிரிப்ஸ் வாசகம் தொங்கினால், மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி, பாட்டியையும் மகளையும் ஆயாம்மாவையும் தனித்தனியே 'பாத்ரூமுக்கு எப்படிப் போவாங்க?' என்று கேட்பது. மூன்று விதமாகப் பதில் வந்தால் அட்டை வெறும் அலங்காரம்.

தாத்தா விஷயத்தில் எந்த அட்டையும் அவரிடம் பேசாது. ஆஸ்திரேலியாவில் 2011-இல் வந்த இன்னொரு சோதனையில், நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது புத்தி தெளிவாக இருந்தவர்களிடம் விழுதலைக் குறைத்தது. மற்றவர்களிடம் குறைக்கவில்லை. ஆகவே அவருடைய அட்டை ஊழியருக்கும் குடும்பத்துக்கும்தான்: எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கும் முன், ராத்திரி நடுவில் ஒருமுறை கேட்காமலே கழிவறைக்கு அழைத்துப் போகவும்.

'சிஸ்டர் வந்தப்புறம்தான் இறங்கணும்' என்பது மருத்துவமனை கொடுக்கும் வாக்கு என்பதையும் மறக்கக்கூடாது. ராத்திரி முழு வார்டுக்கும் ஒரே நர்ஸ் என்றால் பெல் அடித்துப் பத்து நிமிஷம் காத்திருக்கும் பாட்டி, பதினோராவது நிமிஷம் இறங்கிவிடுவார். சேலையை நனைத்துக்கொள்வதைவிட விழுந்தால் பரவாயில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். அந்த வார்டில் அந்த வரியை எழுத வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலியைப் போட்டு, 'ராத்திரி இதுலயே போகலாம்' என்று எழுதலாம்.