அறுபது நொடியில் ஓர் எறும்புக் கதை

அக்கா மகள் ஆறாம் வகுப்பு. போன விடுமுறையில் கைபேசியில் ஒரு நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். திருவெறும்பூர் மலைக்கோயிலைப் பற்றியது. "மாமா, தாரகாசுரனுக்குப் பயந்து தேவருங்க எல்லாம் எறும்பா மாறி சாமி கும்பிட வந்தாங்களாம். லிங்கம் வழுக்குச்சாம். அவங்க ஏறட்டும்னு சாமியே புற்றா மாறி, கொஞ்சம் சாஞ்சும் கொடுத்துச்சாம். அதனாலதான் அங்க சாமி மேல தண்ணி ஊத்த மாட்டாங்களாம்." மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். ஒரு சொல்கூட விடவில்லை.

இந்த வடிவத்துக்குச் சேரவேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடலாம். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது சொல்தான் வரும். அதற்குள் அடங்கும் கதைகளும் உண்டு, அடங்காதவையும் உண்டு. எறும்பீசர் கதை அதற்கென்றே அளந்து தைத்தது போல இருக்கிறது. ஓர் ஆபத்து, ஓர் உருமாற்றம், ஒரு தடை, அதைத் தெய்வமே இறங்கி வந்து விலக்குவது. நாலே அசைவு. அதே மலையடிவாரத்தில் பல வருடம் குடியிருந்தும் சாய்ந்த லிங்கத்துக்குக் கதை இருப்பதே தெரியாத பெரியவர்களை நான் அறிவேன். தஞ்சைச் சாலையில் பேருந்து ஜன்னல் வழியாகக் கோயிலைப் பார்த்துக்கொண்டே பெல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர்கள் அவர்கள். அந்த இடைவெளியை ஒரே நிமிடம் அடைத்துவிடுகிறது.

என் சிக்கல் அவள் சொன்ன கதையில் இல்லை, "அதனாலதான்" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

மூலவர் மீது நேராக நீர் ஊற்றுவதில்லை என்பது திருவெறும்பூருக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. காஞ்சி ஏகம்பத்தில் மணல் லிங்கம்; அங்கே அபிஷேகம் ஆவுடையாருக்குத்தான். கதையோ வேறு: அம்பாள் மணலால் பிடித்து வைத்த லிங்கம், வெள்ளம் வர அதைத் தழுவிக் காத்தாள். திருவொற்றியூரில் புற்று வடிவம். ஆண்டு முழுக்கக் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதைக் களைந்து தைலம் சாத்துவார்கள். இவை சைவக் கோயில்கள். சீரங்கத்துக்கு வாருங்கள். பள்ளிகொண்ட பெருமாளின் மூலத் திருமேனி சுதையால் ஆனது. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தின்போது காவிரியிலிருந்து யானை மேல் வரும் தீர்த்தம் உற்சவரான நம்பெருமாளுக்குத்தான். மூலவருக்குத் தைலக்காப்பு. அதன்பின் சில வாரங்களுக்குத் திருவடி சேவை கிடைக்காது. திருமுகத்தை மட்டும்தான் சேவிக்கலாம்.

சீரங்கத்தில் எறும்பும் இல்லை, அசுரனும் இல்லை. ஆனால் எச்சரிக்கை ஒன்றேதான்: மண்ணும் மணலும் சுண்ணாம்புச் சுதையும் தண்ணீரைத் தாங்கா. ஆக வழக்கம் பொருளிலிருந்து வருகிறது. அந்தப் பொருள் ஏன் தெய்வ வடிவம் என்பதற்குத்தான் கதை பதில் சொல்கிறது. காணொளி நடுவில் இருக்கும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து, கதையை நேரே வழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டது. குழந்தை கதையைக் கற்றாள், வழக்கத்தைக் கற்கவில்லை. காஞ்சிக்குப் போனால் அங்கே எறும்பைத் தேடுவாள்.

இதைவிட மோசமான ஒரு குறுக்குவழியும் உண்டு. "இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல்" என்று தொடங்கும் ரகம். ஏதோ சக்தி அலை, ஏதோ காந்தம் என்று மூன்று வரி. முன்னோர் விஞ்ஞானிகள் என்று முடிவு. கரையும் பொருள் மீது தண்ணீர் ஊற்றாதே என்பதைவிடத் தெளிவான அறிவியல் இங்கே என்ன வேண்டும்? கண்முன் இருக்கும் எளிய காரணத்தைத் தள்ளிவிட்டு இல்லாத காரணத்தைத் தேடிப் போவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

எளிய சொல் என்ற கொள்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். "திருமஞ்சனம்" என்பதைக் "குளிப்பாட்டுறாங்க" என்று சொன்னால் பெரிய நட்டமில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு அதுவே பொருந்தும். "சுதை"யைச் "சிமெண்ட்" என்றால் அது எளிமையில்லை, பிழை. "தைலக்காப்பு"வை "எண்ணெய் தடவுறது" என்று மாற்றினால் விளக்கமே போய்விடுகிறது. காப்பு என்றால் காப்பது. கைக்காப்பு குழந்தைக்குத் தெரியும். நோய் நொடியிலிருந்து காக்கக் கட்டுவது என்று பாட்டி சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்ட நாலு நொடி போதும், முழு வழக்கமும் அதற்குள் இருக்கிறது. ஊர்ப் பெயரும் இப்படித்தான். காதில் "வெறும்" என்று விழுவதால் வெறுமையான ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம் எங்கள் பெண். திருவுக்கும் எறும்புக்கும் நடுவே வழுக்கி வந்து உட்கார்ந்த வகரம் அது. தேவாரம் எறும்பியூர் என்கிறது. இலக்கண வகுப்பில் உடம்படுமெய் என்று நெட்டுருப் போடும் விஷயம் இங்கே ஒரு எறும்பாக ஊர்ந்து வருகிறது.

பிறகு படம். கருவறையைப் படம் பிடிக்க முடியாது, கூடாது. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்கே தடை விதிக்கச் சொல்லியது. ஆகவே காணொளி எதைப் பற்றிப் பேசுகிறதோ அது அதில் இருக்காது. பலர் வேறொரு கோயில் லிங்கத்தைப் போட்டு இட்டு நிரப்புகிறார்கள். எங்கள் பெண் பார்த்ததில் பளபளக்கும் கருங்கல் லிங்கம், அதன் மேல் குடம் குடமாகப் பால். குரல் "ஊற்றுவதில்லை" என்கிறது, திரையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைக்கு எது மனதில் நிற்கும் என்று கேட்கத் தேவையில்லை.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். முதல் பத்து நொடி வீட்டு வாசலில்: ஒரு கைப்பிடிப் புற்றுமண், அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீர், மண் கரைந்து ஓடுவது. அடுத்த முப்பது நொடி எறும்புக் கதை, கோட்டோவியத்தில். "என்று தலபுராணம் சொல்கிறது" என்ற ஒரு தொடரை அதில் எப்படியாவது நுழைத்துவிடவேண்டும். அரை நொடிதான் பிடிக்கும், ஆனால் கதையையும் கண்ட செய்தியையும் அது பிரித்து வைக்கும். மிச்ச இருபதில் சீரங்கம்: அங்கே மூலவர் சுதை, அங்கும் நீர் இல்லை, தைலக்காப்பு. அப்பர் பாடியதையும் ஆதித்த சோழன் காலத்துக் கற்றளியையும் விட்டுவிடுவேன். மனசு கேட்காதுதான். 2024 அக்டோபரிலிருந்து யூடியூப் குறுங்காணொளிக்கு மூன்று நிமிடம் வரை அனுமதி இருக்கிறதே என்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தையும் காட்சிக்குக் கொடுத்தால் சரி. பெரும்பாலும் இன்னும் நாலு கதை சேர்க்கத்தான் அது பயன்படுகிறது.

அக்கா மகளிடம் இந்த வரிசையிலேயே வாயால் சொல்லிப் பார்த்தேன். சீரங்கம் வந்ததும் நிறுத்தினாள். "அப்ப எறும்பு வராம இருந்திருந்தாலும் அந்தப் புற்று மேல தண்ணி ஊத்தியிருக்க மாட்டாங்கதானே?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எறும்பு வரலைன்னா அது சும்மா புற்றுதானே மாமா, யாரு கவசம் போட்டுக் காப்பாத்துவாங்க?"